விளம்பரப் பெட்டி "எழுத்து அதிகம்" என்கிறதா? சலுகையும் போன் நம்பரும் தப்பாமல் வாசகத்தைக் குறைக்கும் வழி

ஒவ்வோர் ஆடியிலும் ஒரே வேலை என் மேசைக்கு வரும். ஜவுளிக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு வாசகம் அனுப்புவார். அதை ஃபேஸ்புக்கிலும் கூகுள் தேடலிலும் காசு கட்டிப் போட வேண்டும். பெட்டியில் ஒட்டினால் சிவப்பு எழுத்து வரும். அவசரத்தில் யாராவது கடைசி வரியை வெட்டுவார்கள். கடைசி வரியில்தான் போன் நம்பரும் கடைசித் தேதியும் இருக்கும்.

கீழே உள்ளதை நோய்க்குறிப்படி பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டுக் கடை ஒன்றின் பாணியில் எழுதிய ஆடி வாசகம் இது:

"அனைவருக்கும் வணக்கம்! நமது கடையில் ஆடி மாத சிறப்புத் தள்ளுபடி விற்பனை தொடங்கிவிட்டது. கைத்தறி காட்டன் சேலைகள் மூன்று வாங்கினால் ஒன்று முற்றிலும் இலவசம். இந்த அரிய வாய்ப்பு ஆடி 18 வரை மட்டுமே. ஈரோடு பேருந்து நிலையம் அருகில். தொடர்புக்கு:" அப்புறம் பத்து இலக்க போன் நம்பர்.

நம்பரோடு சேர்த்து இது 247 எழுத்து.

## நோய்க்குறி 1: நான் எண்ணினால் இடம் இருக்கிறது, பெட்டி இல்லை என்கிறது

கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, ஒரு விளக்க வரிக்கு 90 எழுத்து. "ஆடித் தள்ளுபடி காட்டன் சேலைகள்" என்று தலைப்பு எழுதுகிறீர்கள். நாம் பள்ளியில் படித்தபடி எண்ணினால் 16 எழுத்து, இடைவெளி 3, ஆக 19. இன்னும் 11 எழுத்து மீதி என்று நினைத்து " 3+1" என்று சேர்த்தால் பெட்டி சிவப்பாகிறது.

முதல் காரணம், செலவில்லாதது: எண்ணும் முறை. கணினி "டி" என்பதை ஓர் எழுத்தாக எண்ணாது. ட ஒன்று, அதன் மேல் வரும் சுழி ஒன்று, ஆக இரண்டு. புள்ளிக்கும் தனிக் கணக்கு உண்டு. அதனால் "தள்ளுபடி" நமக்கு 5, பெட்டிக்கு 8. மேலே உள்ள தலைப்பு பெட்டியின் கணக்கில் ஏற்கெனவே சரியாக 30 ஆகிவிட்டது. ஒரு முற்றுப்புள்ளிக்குக்கூட இடமில்லை.

விரல்விட்டு எண்ண வேண்டாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் வாசகத்தை A2 கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN(A2)
```

தமிழ் வாசகத்துக்கு இந்த எண் பெட்டியின் எண்ணோடு ஒத்துப்போகும். நான் வாசகம் எழுதுவதே இப்போது ஷீட்டில்தான். ஒரு பத்தியில் வாசகம், அடுத்த பத்தியில் எண்.

இரண்டாவது காரணம்: ஒட்டும்போது கூடவே வந்த இடைவெளி. வாட்ஸ்அப்பிலிருந்தோ பழைய ஃபைலிலிருந்தோ எடுத்தால் முன்னும் பின்னும், சில சமயம் சொற்களுக்கு நடுவிலும், கூடுதல் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். இது எத்தனை என்று காட்டும்:

```
=LEN(A2)-LEN(TRIM(A2))
```

பூஜ்யம் வந்தால் சாதாரண இடைவெளியால் வரும் பிரச்சினை இல்லை.

மூன்றாவது காரணம்: உடைந்த கொம்பு. பழைய எழுத்துருவில் அடித்த வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றினால் சில சமயம் "தொ" என்பதில் கொம்பும் காலும் இரண்டு தனித்தனிக் குறிகளாக உட்கார்ந்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. கர்சரை "தொ" முடியும் இடத்தில் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். "த" மட்டும் மிஞ்சினால் நல்லது. "தெ" மிஞ்சினால் அது உடைந்தது. ஒவ்வொரு "தொ", "போ", "கோ" போன்றவற்றுக்கும் ஓர் எழுத்து வீணாகிறது. திருத்த முயலாமல் அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகமான வழி. கண்ணுக்குத் தெரியாத குறிகள் வேறு ஏதாவது இருந்தாலும் அதோடு போய்விடும்.

மூன்றும் சரியாக இருந்தும் நீளம் என்றால் வாசகமே நீளம். அப்போது சொல்லைத்தான் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

முதலில் எண்ணில் எழுதக்கூடியதை எண்ணாக்குவேன். "மூன்று" 6 எழுத்து, "3" ஒன்று. "ரூபாய்" 6, "₹" ஒன்று. "சதவீதம்" 7, "%" ஒன்று. இதில் பொருள் துளியும் மாறாது, அதனால் இதுதான் முதல் வெட்டு. அடுத்து அலங்காரச் சொற்கள்: "முற்றிலும்" 10, "மட்டுமே" 7, "இந்த அரிய வாய்ப்பு" முழுவதும். வணக்கமும் இதில் சேரும். கடைக்காரர்களுக்கு வணக்கத்தை எடுப்பதில் மனத்தாங்கல் வரும். கடையில் சொல்லும் வணக்கம் வேறு, எழுத்துக்கு எழுத்து இடம் பார்க்கும் பெட்டி வேறு என்று சொல்லிப் புரியவைப்பேன். அதற்கும் பிறகுதான் பேச்சு வழக்குச் சொல்: "தொடர்புக்கு" 11, "போன்" 4. "பேருந்து நிலையம்" 16, "பஸ் ஸ்டாண்ட்" 12. "தள்ளுபடி" 8, "ஆஃபர்" 5. கடைசி ஜோடியை நான் கட்டாயத்தில்தான் மாற்றுவேன். ஆடித் தள்ளுபடி என்ற சொல்லே நம் ஊரில் ஆளை நிறுத்திப் படிக்கவைக்கிற சொல்.

## நோய்க்குறி 2: பெட்டி ஏற்றுக்கொண்டது, ஆனால் போனில் சலுகை மறைந்துவிட்டது

இது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் வரும். அங்கே முதன்மை வாசகத்துக்கு நீளம் பெரிய தடையில்லை, 247 எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் திரையில் முதல் சில வரிகளைத்தான் காட்டும், மீதி `See more` என்பதற்குள் போய்விடும். 125 எழுத்துக்குள் முக்கியமானது வந்துவிட வேண்டும் என்பதுதான் விளம்பரம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு. இது கண்டிப்பான கோடு இல்லை. போனின் அகலம், எழுத்தின் அளவு, விளம்பரம் வரும் இடம் எல்லாவற்றுக்கும் ஏற்ப முன்பின் ஆகும்.

நம் உதாரண வாசகத்தை 125இல் வெட்டிப் பார்த்தேன். "கைத்தறி காட்டன் சேலைகள் மூன்று வாங்கினா" என்று நிற்கிறது. வாங்கினால் என்ன கிடைக்கும் என்பது தெரியாது. தேதி, இடம், நம்பர் மூன்றும் உள்ளே. கடைக்காரர் காசு கட்டியது வணக்கத்தைக் காட்ட.

எளிய காரணம்: வரிசை தலைகீழ். நாம் கடிதம் எழுதும் பழக்கத்தில் வணக்கம், செய்தி, முகவரி என்று போகிறோம். விளம்பரத்தில் முதலில் சலுகை, அப்புறம் கடைசி நாள், இடம், போன். இந்த வரிசையில் எழுதிவிட்டால் எங்கே வெட்டினாலும் நஷ்டம் குறைவு. திருத்திய வாசகம் இது:

"3 கைத்தறி காட்டன் சேலை வாங்கினால் 1 இலவசம். ஆடி 18 வரை. ஈரோடு பஸ் ஸ்டாண்ட் அருகில். போன்:" அப்புறம் பத்து இலக்க நம்பர்.

எண்ணிப் பார்த்தால் சரியாக 100. 247இலிருந்து 100க்கு வந்தும் சலுகை, பொருள், தேதி, இடம், நம்பர் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. மிச்சமுள்ள 25 எழுத்தை நிரப்பத் தேவையில்லை.

அடுத்த காரணம்: வரி உடைப்பு. ஒவ்வொரு விஷயத்தையும் தனி வரியில் போட்டால் எழுத்து குறைவாக இருந்தாலும் காட்டப்படும் வரிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் ஆங்கில வாசகத்தைவிட நமக்கு வரி சீக்கிரம் மடியும். அதனால் சலுகையும் தேதியும் ஒரே பத்தியில் தொடர்ந்து வரட்டும்.

கொஞ்சம் வேலை வாங்கும் காரணம்: தவறான பெட்டியில் போட்டது. ஃபேஸ்புக்கில் படத்துக்குக் கீழே தலைப்பு என்றும் விளக்கம் என்றும் இரண்டு சின்னப் பெட்டிகள் உண்டு. விளக்கம் பல இடங்களில் காட்டப்படுவதே இல்லை. போன் நம்பரையோ தேதியையோ அதில் மட்டும் போட்டிருந்தால் பாதிப் பேருக்கு அது போய்ச் சேராது. தலைப்பு பட்டனுக்குப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் வரும், 40 எழுத்துக்குள் வைத்தால் நல்லது. சலுகையைத் தலைப்பிலும் ஒருமுறை சொல்லுங்கள். ஒரே விஷயம் இரண்டு முறை வருகிறதே என்று தயங்க வேண்டாம்.

சோதனை: வெளியிடுமுன் முன்னோட்டத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எப்படித் தெரிகிறது என்று புரட்டிப் பாருங்கள். கணினித் திரையில் பார்ப்பது போதாது, சின்ன போன் ஒன்றில் பாருங்கள். `See more` தொடாமலே "என்ன கிடைக்கும், எப்போது வரை" என்று உங்கள் வீட்டில் ஒருவர் படித்துச் சொல்ல முடிந்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தின் வாசகத்தை மாற்றினால் அது மறுபடியும் பரிசீலனைக்குப் போகும். சலுகை நாளின் நடுவில் அந்தத் தாமதம் வேண்டாம்.

## நோய்க்குறி 3: அளவுக்குள் வந்துவிட்டது, ஆனால் வாடிக்கையாளர் வேறு சலுகை கேட்டு வருகிறார்

மூன்றாவது நோய்க்குறிக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன். ஏனென்றால் இங்கே திரையில் எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. தவறு கல்லாவில்தான் தெரியும்.

ஒரு வருடம் நான் போட்ட விளம்பரத்தில் "வாங்கினால்" என்ற சொல்லுக்கு இடமில்லாமல் "3 சேலை 1 இலவசம்" என்று வைத்துவிட்டேன். கடைக்காரர் நினைத்தது மூன்றுக்குக் காசு, நான்காவது இலவசம். ஓர் அம்மா மூன்று சேலையை எடுத்து வைத்து, "மூணுல ஒண்ணு இலவசம்னுதானுங்க போட்டிருக்கீங்க, ரெண்டுக்குத்தான் காசு வரும்" என்றார். போனில் விளம்பரத்தைக் காட்டினார். அவர் படித்ததில் தப்பே இல்லை. கடைக்காரர் இரண்டு சேலைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார், சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து சலுகையின் வினைச்சொல்லை நான் கடைசி வரை தொடுவதில்லை.

அந்தச் சலுகையையே 30 எழுத்துத் தலைப்பில் அடக்கிப் பார்ப்போம்.

"காட்டன் சேலை 3 வாங்கினால் 1 இலவசம்": 34. நான்கு அதிகம்.

"காட்டன் சேலை: 3 வாங்க 1 இலவசம்": சரியாக 30. ஆனால் "வாங்க" என்பது வரவேற்பாகவும் படிக்கப்படும், கண் ஒரு நொடி தடுக்கும். வேண்டாம்.

"சேலை 3 வாங்கினால் 1 இலவசம்": 26. பொருள் தெளிவு. ஆனால் "காட்டன்" போய்விட்டது. பட்டுச் சேலைக்கும் இதே சலுகையா என்று ஆள் வருவார். பொருளின் பெயரை வெட்டுவது சலுகையைப் பெரிதாக்குவதற்குச் சமம்.

"3 காட்டன் சேலைக்கு 1 இலவசம்": 27. "வாங்கினால்" இல்லாமலே "க்கு" அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மூன்றுக்கு ஒன்று என்பதை நம் ஊரில் யாரும் மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைத்தான் வைத்தேன். முழு வாசகம் விளக்க வரியில் இருக்கட்டும்: "கைத்தறி காட்டன் சேலை 3 வாங்கினால் 1 இலவசம். ஆடி 18 வரை. ஈரோடு பஸ் ஸ்டாண்ட் அருகில்." இது 83, எனவே 90க்குள் வந்துவிடுகிறது.

இதே வகையில் ஆபத்தான இன்னொரு சொல் "வரை". "50% வரை தள்ளுபடி" என்பதில் இடைவெளியோடு சேர்த்து 4 எழுத்து மிச்சம் பிடிக்கலாம் என்று "வரை"யை எடுத்தால், சில பொருளுக்கு மட்டும் இருந்த பாதி விலை எல்லாப் பொருளுக்கும் ஆகிவிடும். இது வாடிக்கையாளர் சண்டையோடு நிற்காது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு. பெட்டியில் இடமில்லை என்பது அங்கே பதிலாகாது. "முதல்", "குறைந்தபட்சம்", "தேர்ந்தெடுத்த" போன்றவையும் இதே ரகம். அவற்றுக்கு இடம் போதவில்லை என்றால் சலுகையை வேறு விதமாகச் சொல்லுங்கள், நிபந்தனையை வெட்ட வேண்டாம்.

தேதியிலும் ஒரு நுணுக்கம். "ஆடி 18 வரை" என்றால் பதினெட்டாம் பெருக்கு அன்று உண்டா இல்லையா என்று கேட்டுப் போன் வரும். இடம் இருந்தால் "ஆடி 18 இரவு வரை" என்று போடுங்கள், 5 எழுத்துதான் கூடுதல். "இன்னும் 3 நாள் மட்டும்" என்று போடாதீர்கள். விளம்பரம் ஐந்து நாள் ஓடும், நாளைக்கே அது பொய்யாகிவிடும்.

சோதனை: குறைத்த வாசகத்தைச் சலுகை தெரியாத ஒருவரிடம் காட்டி, "நாலு சேலை எடுத்தால் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். கடைக்காரர் மனதில் இருக்கும் கணக்கே வந்தால் வெளியிடலாம்.

## நோய்க்குறி 4: போன் நம்பரோடு போட்டால் விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது

கூகுள் தேடல் விளம்பரமா? அப்படியானால் காரணம் தெளிவு. தலைப்பிலோ விளக்கத்திலோ போன் நம்பர் எழுத அங்கே அனுமதி இல்லை. பலர் நம்பரை இடைவெளி விட்டு, எழுத்தில் எழுதி ஏமாற்றப் பார்க்கிறார்கள். அது நிராகரிப்பை இன்னும் மோசமாக்கும்.

நம்பருக்கென்று தனி இடம் இருக்கிறது. `Call` என்ற பெயரில் அழைப்பு இணைப்பைச் சேர்த்து அதில் நம்பரைக் கொடுங்கள். எழுத்துக் கணக்கில் ஒன்றுகூடக் குறையாது, போனில் தொட்டால் அழைப்பே போகும். கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் காட்டும்படி அதற்கு நேரமும் குறிக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு யாரும் எடுக்காத அழைப்புக்குக் காசு போகாது. முகவரியையும் அதேபோல் இட இணைப்பில் போடலாம். அப்போது "ஈரோடு பஸ் ஸ்டாண்ட் அருகில்" என்பதை எடுத்துவிட்டு நிபந்தனைக்கு இடம் கொடுக்கலாம்.

நம்பர் இல்லாமலும் நிராகரிப்பு வந்தால் தலைப்பில் ஆச்சரியக்குறி இருக்கிறதா பாருங்கள். தலைப்பில் அதற்கு அனுமதி இல்லை. எடுத்தால் ஓர் எழுத்தும் மிச்சம்.

ஃபேஸ்புக்கில் நிலைமை வேறு. அங்கே `Call Now` பட்டன் வைத்தால் வாசகத்தில் நம்பர் தேவையில்லை என்பார்கள். நான் இடமிருந்தால் வாசகத்திலும் வைப்பேன். நம் ஊரில் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அந்தப் படத்தில் பட்டன் வேலை செய்யாது. உள்ளூர் கடைக்கு "+91" வேண்டாம், 3 எழுத்து மிச்சம். ஆனால் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுவதைக் கஞ்சத்தனம் பார்த்து வெட்டாதீர்கள். பார்த்து எழுதுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

## நோய்க்குறி 5: சலுகை பாதியாகப் பிரிந்து தெரிகிறது

கூகுளில் நீங்கள் பல தலைப்புகள் கொடுப்பீர்கள். அது தனக்குப் பிடித்த வரிசையில் சேர்த்துக் காட்டும், சில சமயம் எல்லாவற்றையும் காட்டாது. "3 காட்டன் சேலை வாங்கினால்" என்று ஒரு தலைப்பு, "1 சேலை இலவசம்" என்று இன்னொரு தலைப்பு வைத்தால் இரண்டாவது மட்டும் தனியாக வந்து நிற்கும். பார்ப்பவர் சும்மா ஒரு சேலை தருகிறார்கள் என்று நினைப்பார்.

முதல் வழி: ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் உண்மையாக இருக்கும்படி எழுதுவது. அது முடியாதபோது தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள `Pin` குறியை அழுத்தி, சலுகைத் தலைப்பை முதல் இடத்தில் நிறுத்தலாம். எல்லாவற்றையும் `Pin` போட்டு இறுக்கிவிட்டால் கூகுளுக்கு மாற்றிப் பார்க்க வழியிருக்காது, அதனால் ஒன்றுக்கு மட்டும் போடுவேன்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

மேலே சொன்னது எல்லாம் அரை மணி நேர வேலை, காசு செலவில்லை. ஆனால் சில இடத்தில் நாமே மல்லுக்கட்டக் கூடாது.

மேலே சொன்ன திருத்தங்களைச் செய்தும் அதே வாசகம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால் மூன்றாவது முறை ஊகத்தில் மாற்றாதீர்கள். நிராகரிப்பில் காட்டிய விதியின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு தளத்தின் உதவிக் குழுவிடம் கேளுங்கள், அல்லது விளம்பரக் கணக்குகளைக் கையாளும் ஆளிடம் கொடுங்கள். கணக்கே முடக்கப்பட்டால் புதுக் கணக்கு திறக்க வேண்டாம். அதையும் விதியைச் சுற்றிப்போகும் முயற்சியாக எடுத்துக்கொண்டு அடுத்ததையும் முடக்குவார்கள். மேல்முறையீடுதான் வழி.

நிபந்தனைகள் மூன்று நான்கு இருந்து எப்படிக் குறைத்தாலும் பொருள் மாறுகிறது என்றால், வாசகத்தை விட்டுவிட்டு விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் பக்கத்தில் முழு நிபந்தனையும் வருமாறு செய்ய வேண்டும். அதற்கு வெப்சைட் செய்பவர் தேவை. நகை, சீட்டு, கடன், மருத்துவம் சார்ந்த சலுகையாக இருந்தால் குறைத்த வாசகத்தை வெளியிடுமுன் ஒரு வக்கீலிடமோ கடையின் ஆடிட்டரிடமோ காட்டிவிடுங்கள். காட்டும்போது முழு வாசகம், குறைத்த வாசகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். எந்தச் சொல் போயிற்று என்பது அவர்களுக்கு உடனே தெரிய வேண்டும்.